மடிப்பிலும் அதே மெரூன்தானா?

ஒரே டி-ஷர்ட் ஒன்பது நிறங்களில் விற்பனைக்கு வரும்போது, இணையக் கடைக்காக ஒன்பதையும் தனித்தனியே படம் எடுக்க எல்லா நிறுவனங்களாலும் முடிவதில்லை. வெளிர் சாம்பல் நிறத்தில் ஒன்றை மட்டும் மாடலுக்குப் போட்டு எடுத்துவிட்டு, மற்ற நிறங்களைக் கணினியில் ஏற்றிக்கொள்வார்கள். நிறுவனம் அதற்கு ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். உதாரணமாக, மெரூனுக்கு #7A1F2E. சிவப்பு 122, பச்சை 31, நீலம் 46 என்பது இதன் பொருள்.

இந்த எண் படத்தில் எங்கே வர வேண்டும்? சட்டை முழுவதும் வந்தால், மடிப்பும் நிழலும் மறைந்து, வெட்டி ஒட்டிய காகிதம்போல ஆகிவிடும். வெளிச்சம் நேராக விழும் பளபளப்பில்லாத இடம் ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது மேல் மார்புப் பகுதி. எண் அங்கேதான் சரியாகப் பொருந்த வேண்டும். மற்ற இடங்களில் வெளிச்சம் குறையும் விகிதத்திலேயே நிறமும் குறைய வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சாம்பல் சட்டையின் மேல் மார்பில் மூன்று எண்களும் 158, இடுப்பருகே ஒரு மடிப்பில் 106 என்று வைத்துக்கொள்வோம். ஃபோட்டோஷாப்பில் இதன்மேல் மெரூனை Multiply முறையில் அப்படியே வைத்தால், மார்பில் கிடைப்பது 76, 19, 29. கேட்டதைவிட மிகவும் இருண்ட நிறம். Multiply-க்கு 255 என்ற முழு வெள்ளைதான் அளவுகோல். நம் சட்டையோ 158-தான். அதனால் Levels-இல் சட்டைக்கு மட்டும் வெள்ளைப்புள்ளியை 158-க்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு மெரூனைப் பெருக்க வேண்டும். இப்போது மார்பில் 122, 31, 46 அப்படியே வரும். மடிப்பில் 82, 21, 31 வரும். மடிப்பு இருண்டாலும் மெரூனாகவே இருக்கும், ஏனென்றால் மூன்று எண்களும் ஒரே விகிதத்தில் இறங்கியிருக்கின்றன.

பெருக்காமல் கழித்தால் என்ன ஆகும்? 158-ஐ மெரூனாக்க சிவப்பில் 36, பச்சையில் 127, நீலத்தில் 112 குறைக்க வேண்டும். அதையே மடிப்பிலும் குறைத்தால் சிவப்பு 70-க்கு வரும். பச்சையும் நீலமும் பூஜ்ஜியத்தில் போய் முட்டும். மார்பில் மெரூன், மடிப்பில் வெறும் கருஞ்சிவப்பு. நிழலில் நிறம் வேறாகத் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அடுத்த படம் மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் எடுத்ததாக இருந்தால், நிறத்தை ஏற்றுவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. படம் எடுக்கும்போது சட்டைக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து ஒரு பிரேம் எடுத்திருக்க வேண்டும். அந்த அட்டையில் சிவப்பு 176, பச்சை 158, நீலம் 128 என்று வந்தால், வெளிச்சத்தின் மஞ்சள் அங்கே தெரிந்துவிடுகிறது. ரா கோப்பில் ஒயிட் பேலன்ஸ் துளியை அட்டைமேல் வைத்தால் மூன்றும் சமமாகும். அதன்பின் சட்டையின் மார்பை அளக்க வேண்டும். இந்தப் படத்தில் அது 140 என்றால் வெள்ளைப்புள்ளியும் 140. மெரூனின் எண் மாறாது. அதை எந்த வெளிச்சத்தோடு ஒப்பிடுகிறோம் என்பது படத்துக்குப் படம் மாறும். முதல் படத்தின் அமைப்பை அப்படியே இரண்டாவதற்கும் போட்டால், மெரூன் மறுபடியும் இருண்டுவிடும்.

அளப்பதிலும் கவனம் வேண்டும். ஒரே புள்ளியைத் தொட்டால் ஒரு நூலிழையின் நிழல் மட்டும் அகப்படும். 31-க்கு 31 புள்ளிகளின் சராசரியை எடுக்கும்படி வைத்துக்கொண்டு, மார்பில் இரண்டு மூன்று இடங்களில் பார்ப்பது நல்லது.

ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், மறுபக்கம் பல்ப் என்று கலந்துவிட்டால், ஒரு துளி இரண்டையும் சரிசெய்யாது. சட்டையின் நிறச்சாயலை முழுவதும் நீக்கிவிட்டு மெரூன் ஏற்றினால் எண்கள் சரியாகத்தான் வரும். ஆனால் மாடலின் கையில் நீலமும் மஞ்சளும் இருக்க, சட்டை மட்டும் ஒட்டவைத்ததுபோல நிற்கும். அந்தப் படத்தை ஒரே வகை விளக்கில் மறுபடி எடுப்பதுதான் சரி. கறுப்புச் சட்டையை வெளிர் நிறமாக்குவதும் இப்படித்தான்: மடிப்பின் விவரங்கள் படத்திலேயே பதியாததால், வெளுக்க வெளுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

கடைசியாக, நிறுவனம் கொடுத்த எண்ணையும் சோதிக்க வேண்டும். அது பெரும்பாலும் திரையில் வரும் லோகோவுக்காகத் தேர்ந்தெடுத்த எண்ணாக இருக்கும். சாயப்பட்டறையில் அப்ரூவ் ஆன துணி அதிலிருந்து சற்று விலகியிருக்கலாம். வாங்குபவரின் கைக்குப் போவது துணிதான். ஆகவே அப்ரூவ் ஆன துணித்துண்டை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் அளந்து, அந்த எண்ணையே படத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு, அளவு திருத்திய திரைக்கு அருகே பகல் ஒளி விளக்கின் கீழ் அந்தத் துண்டை வைத்து, படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் படத்தைத் தளத்தில் ஏற்ற வேண்டும்.