205 கிலோ வெங்காயத்துக்கு 8 ரூபாய் 36 காசு: விலைப்பட்டியலின் எந்த வரியைப் படிக்க வேண்டும்?

அல்சூர் (பெங்களூரு): அல்சூர் கடைவீதியில் வெங்காயம் வாங்க வருவோர், ஒரே கடையில் இரண்டு குவியல்களைக் காண்பதுண்டு. பருத்துத் தோல் காய்ந்த வெங்காயம் ஒரு விலை. அளவில் சிறுத்து ஈரம் வாங்கியது அதில் பாதி விலை. வாங்குபவர் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொள்கிறார். ஆனால் இந்த வெங்காயம் மொத்தமாக விற்பனையாகும் யஷ்வந்த்பூர் வேளாண் விளைபொருள் சந்தையின் அன்றாட விலைப்பட்டியலில் இரு குவியல்களும் பெரும்பாலும் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மூட்டைகளை ஏற்றி அனுப்பும் விவசாயி, அந்த ஒரு வரியை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டியுள்ளது.

தவறாக முடிவெடுத்தால் என்ன நேரும் என்பதை 2022 நவம்பரில் நாடே கண்டது. வடகர்நாடகத்தின் கதக் மாவட்டத்தைச் சேர்ந்த விவசாயி ஒருவர், 400 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு கடந்து 205 கிலோ வெங்காயத்தை யஷ்வந்த்பூருக்குக் கொண்டுவந்தார். குவிண்டால் 200 ரூபாய்க்கு விலை போனது. மொத்தம் 410 ரூபாய். லாரி வாடகை 377 ரூபாய் 64 காசு, சுமை கூலி 24 ரூபாய் கழிக்கப்பட்டு அவர் கையில் கிடைத்தது 8 ரூபாய் 36 காசு. அந்த ரசீதின் படம் நாடெங்கும் பரவியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் சந்தையில் 512 கிலோ விற்ற விவசாயிக்கு மிஞ்சியது 2 ரூபாய் 49 காசு.

இந்த ரசீதுகள் அப்போது அரசியல் முழக்கங்களாக மாறின. அதில் நியாயமும் உண்டு. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் வெங்காயம் இல்லை என்பதால், சந்தை சொல்வதே விலை. ஆனால் அந்த ரசீதுக்குள் இருக்கும் கணக்கை முழக்கமிட்டோரில் பலர் போட்டுப் பார்க்கவில்லை.

வாடகையும் சுமை கூலியும் சேர்ந்து 401 ரூபாய் 64 காசு. இதை 205 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 1 ரூபாய் 96 காசு. அதாவது, குவிண்டாலுக்கு 196 ரூபாய். விதை, உரம், கூலி எதையும் சேர்க்காமல், மூட்டையைச் சந்தை வாசலில் இறக்குவதற்கு மட்டுமே ஆகும் செலவு இது. விலை 200 என்றால் மிச்சம் குவிண்டாலுக்கு 4 ரூபாய். இந்த 196 என்ற எண், வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்கக் கூடியது. விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் விவசாயியின் கையில் இருக்க வேண்டிய முதல் எண்ணும் இதுவே.

மத்திய வேளாண் அமைச்சகத்தின் சந்தைப்படுத்தல் மற்றும் ஆய்வு இயக்ககம் 2000-ம் ஆண்டில் தொடங்கிய அக்மார்க்நெட், கர்நாடக வேளாண் சந்தை வாரியத்தின் கிருஷி மாராட வாஹினி ஆகிய இரண்டிலும் அன்றாட நிலவரம் வெளியாகிறது. பொருள், ரகம், தரம், வரத்து, குறைந்தபட்ச விலை, அதிகபட்ச விலை, மோடல் விலை என்பதே பட்டியலின் அமைப்பு. விலை குவிண்டாலுக்கு, வரத்தோ ஒன்றில் டன்னாகவும் மற்றொன்றில் குவிண்டாலாகவும் இருக்கக்கூடும் என்பதால் அலகைப் பார்க்காமல் ஒப்பிடுவது ஆபத்து.

முதலில் கண்ணில் படுவது அதிகபட்ச விலை. அது நல்ல சரக்கில் சில மூட்டைகளுக்கு மட்டும் கிடைத்ததாக இருக்கலாம். கவனமாகப் படிப்பவர் மோடல் விலையைப் பார்ப்பார். அன்று வந்த சரக்கில் பெரும்பகுதி விற்ற விலை அது, சராசரி அல்ல. இந்த வேறுபாடு சிறியதல்ல. 100 மூட்டைகள் வந்ததாகக் கொள்வோம். 60 மூட்டை 1,000 ரூபாய்க்கும், 10 மூட்டை 1,600 ரூபாய்க்கும், மழையில் அடிபட்ட 30 மூட்டை 300 ரூபாய்க்கும் விற்றால், பட்டியலில் மோடல் விலை 1,000 என்று வரும். சராசரி 850 மட்டுமே. அந்த 30 மூட்டைக்கு உரியவருக்கோ 1,000-மும் பொருந்தாது, 850-ம் பொருந்தாது. அவருடைய விலை பட்டியலில் இருக்கிறது. ஆனால் அது 'குறைந்தபட்சம்' என்ற கட்டத்தில் ஒதுங்கி நிற்கிறது.

கதக் விவசாயிக்கு நேர்ந்ததும் இதுதான். அந்த ஆண்டு இடைவிடாத மழையால் அப்பகுதி வெங்காயம் பருக்காமல் சிறுத்துப் போயிருந்தது. அதே நாள்களில் புணேயிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்த தரமான சரக்குக்கு மேலான விலை கிடைத்ததாக அவரே செய்தியாளர்களிடம் கூறினார். மழை பட்ட சரக்கை வைத்திருப்பவர் படிக்க வேண்டியது குறைந்தபட்ச விலையை. ஒப்பிட வேண்டியது தன் 196-உடன்.

தரம் என்ற கட்டம் இதற்கு உதவ வேண்டும். 'FAQ' என்று பட்டியலில் காணப்படுவது நியாயமான சராசரித் தரத்தைக் குறிக்கும். ஆனால் பல சந்தைகளில் எல்லாச் சரக்குக்கும் இந்த ஒரே குறியீடு பதியப்படுவதால், அது எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. தரத்தின் உண்மையான அறிகுறி, குறைந்தபட்ச விலைக்கும் அதிகபட்ச விலைக்கும் இடையிலான தூரம். 200-க்கும் 1,800-க்கும் இடையே விலை விரிந்து கிடந்தால் சந்தையில் சரக்கு கலந்து வந்திருக்கிறது, வியாபாரிகள் பொறுக்கி எடுக்கிறார்கள் என்று பொருள். மூன்று விலைகளும் ஒரே எண்ணாக இருந்தாலோ, பல நாள்களாக அசையாமல் நின்றாலோ, பதிவு செய்தவர் முந்தைய எண்ணையே திரும்ப எழுதியிருக்க வாய்ப்புண்டு.

வரத்து ஒரு நாளைக்கு மட்டும் பார்க்கத் தக்கதல்ல. விடுமுறைக்கு மறுநாள் வரத்து கூடுவது இயல்பு. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தொடர்ந்து நான்கைந்து நாள்கள் வரத்து ஏறி, மோடல் விலை மெல்ல இறங்க, குறைந்தபட்ச விலை அதைவிட வேகமாகச் சரிந்தால், இரண்டாந்தரச் சரக்குக்கு இடமில்லை என்று சந்தை சொல்கிறது. முந்தைய நாள் விற்காமல் தேங்கிய மூட்டைகள் வரத்துக் கணக்கில் தெரிவதில்லை. பட்டியலில் இருப்பது நேற்றைய விலை. இன்று ஏற்றும் மூட்டை நாளைதான் விலை பேசப்படும். இந்த இரண்டு நாள் இடைவெளியைத் தரகரிடம் தொலைபேசியில் கேட்டுத்தான் நிரப்ப முடியும். 'விலை என்ன?' என்று கேட்டால் அதிகபட்ச விலையே பதிலாக வரும். 'பொடி சரக்கு நேற்று என்ன விலைக்குப் போனது, எத்தனை மூட்டை நின்றுவிட்டது?' என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கடைசியாக, பக்கத்துச் சந்தையின் வரி. கதக்கிலிருந்து ஹூப்பள்ளி வெகு அருகில் உள்ளது. அங்கு குவிண்டாலுக்கு 150 ரூபாய்தான், லாரி வாடகை 50, சுமை கூலி 12 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 88. 205 கிலோவுக்கு 180 ரூபாய். பெங்களூருவின் 200 ரூபாயைவிட 150 ரூபாய் பெரிதாகிவிடுகிறது. அந்த 180 ரூபாயும் சாகுபடிச் செலவின் ஒரு மூலைக்குக் காணாது என்பது வேறு.

சந்தைக் கட்டணத்தை வாங்குபவரே செலுத்த வேண்டும் என்பது சட்டம். இருந்தும் கமிஷன், எடைக்கழிவு என விற்பவரிடமே பிடிப்பதாக விவசாய அமைப்புகள் நெடுங்காலமாகக் குற்றம் சாட்டுகின்றன. அத்தகைய பிடித்தம் எதுவும் விலைப்பட்டியலில் வராது, ரசீதில்தான் வரும். கதக் ரசீது வெளியான பின், பெங்களூருவுக்கு வெங்காயம் கொண்டுவர வேண்டாம் என்று அந்த விவசாயி மற்றவர்களைக் கேட்டுக்கொண்டார்.