கடிதச் சட்டை போட்ட கட்டுரை

ஆறாம், ஏழாம் வகுப்புத் தமிழ்ப் பயிற்சித்தாள்களில் ஆண்டுதோறும் தவறாமல் வரும் கேள்வி இது: ‘பள்ளியிலிருந்து நீ சென்றுவந்த சுற்றுலாவைப் பற்றி உன் நண்பனுக்குக் கடிதம் எழுதுக.’ கேள்விக்குக் கீழே வலப்பக்கம் இடமும் நாளும் எழுத இரண்டு சிறு கோடுகள். அதற்குக் கீழே விளிக்கு ஒரு கோடு, நடுவில் பத்துப் பன்னிரண்டு வரிகள், முடிவில் ‘இப்படிக்கு’. கடைசியாக உறைமேல் முகவரிக்கு ஒரு கட்டம், அதன் வலது மேல்மூலையில் அஞ்சல்தலைக்கு ஒரு குட்டிச் சதுரம்.

இந்தக் கோடுகளைப் பெரும்பாலான பிள்ளைகள் சரியாகவே நிரப்பிவிடுகிறார்கள். சிக்கல் நடுவில் இருக்கும் அந்தப் பன்னிரண்டு வரிகளில்தான். அங்கே பொதுவாக வருவது இப்படி இருக்கும் (பெயர்கள் பயிற்சிக்காக வைத்தவை):

‘அன்புள்ள நண்பன் கவினுக்கு, நலம், நலமறிய ஆவல். நாம் பள்ளியிலிருந்து மாமல்லபுரத்திற்குச் சுற்றுலா சென்றோம். காலை 6 மணிக்குப் பேருந்தில் புறப்பட்டோம். மாமல்லபுரம் பல்லவர்களால் உருவாக்கப்பட்டது. அங்கே கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள், அர்ச்சுனன் தபசு ஆகியவற்றைக் கண்டோம். இவை 1984ஆம் ஆண்டு யுனெஸ்கோவால் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. மதியம் உணவு உண்டோம். பிறகு கடற்கரையில் விளையாடினோம். மாலை 6 மணிக்குத் திரும்பினோம். மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. இப்படிக்கு, உன் அன்பு நண்பன், இனியன்.’

எழுத்துப்பிழை இல்லை. செய்தியும் சரிதான், மாமல்லபுரம் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 1984இல்தான். பல ஆசிரியர்கள் இதற்கு நல்ல மதிப்பெண்ணே போடுவார்கள். ஆனால் முதல் வரியையும் கடைசி வரியையும் கையால் மறைத்துக்கொண்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். யாருக்கு எழுதியது என்று சொல்ல முடியாது. கவினுக்குப் பதில் தலைமையாசிரியரின் பெயரைப் போட்டாலும் ஒரு சொல்கூட மாற்ற வேண்டியதில்லை. ‘நான் சென்ற சுற்றுலா’ என்ற கட்டுரைக்குக் கடிதச் சட்டை போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

கட்டுரை, பொருளைத் தெரியாத யாரோ ஒருவருக்காக எழுதுவது. அதனால் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நண்பனுக்கு எழுதும் கடிதத்தைப் படிக்கப்போவது ஒரே ஒருவன். அவனுக்கு என்ன பிடிக்கும், எது ஏற்கெனவே தெரியும் என்பது எழுதுபவனுக்குத் தெரியும். பல்லவர்களைப் பற்றிய செய்தி கவினின் பாடநூலிலும் இருக்கிறது. காலை 6 மணிக்குப் பேருந்து கிளம்பியதை அறிந்து அவன் செய்யப்போவது ஒன்றுமில்லை.

ஆகவே பேனாவை எடுப்பதற்கு முன் பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘அங்கே பார்த்ததில், கவின் பக்கத்தில் இருந்திருந்தால் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டியிருப்பாயே, அது எது?’ ‘எல்லாமே’ என்று பதில் வந்தால் ஏற்கக்கூடாது. ஒன்றைச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். கவின் பூனை வளர்ப்பவன் என்று வைத்துக்கொள்வோம். அப்போது கடிதத்தின் பொருள் தானாகவே கிடைத்துவிடும். ஏனென்றால் மாமல்லபுரத்தில் ஒரு பூனை இருக்கிறது.

அதை வைத்து அதே இனியன் மறுபடி எழுதினால் கடிதம் இப்படி வரும்:

காஞ்சிபுரம்,
12.02.2025.

அன்புள்ள கவின்,

கோயம்புத்தூர் வீட்டில் உன் பூனை மணியை உள்ளே விடுகிறார்களா, இல்லை இன்னும் வாசலில்தானா? போன சனிக்கிழமை எங்களை மாமல்லபுரம் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு பூனையைப் பார்த்ததும் உன் நினைவுதான் வந்தது.

அர்ச்சுனன் தபசு என்று ஒரு பெரிய பாறை, நம் பள்ளி மாடியளவு உயரம். யானை, சிங்கம், குரங்கு, பறக்கும் தேவர்கள் என்று பாறை முழுக்கச் சிற்பம். மேலே ஒரு முனிவர் ஒற்றைக் காலில் நின்று, கைகளைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறார். கீழே பெரிய யானைக்குப் பக்கத்தில் பார்த்தால், ஒரு பூனையும் அதேமாதிரி முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது! சுற்றிலும் எலிகள். தவம் செய்வதுபோல் நடித்து எலிகளை ஏமாற்றுகிறது என்று தமிழ் ஐயா சொன்னார். பாதிப் பேர் யானையை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். நான்தான் கூப்பிட்டுக் காட்டினேன்.

கடலில் கால் நனைக்க மட்டும் விடவில்லை. எல்லோருக்கும் அதில்தான் வருத்தம்.

கோடை விடுமுறைக்கு நீ வருவாய் அல்லவா? அப்பாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன், நாம் சேர்ந்து போகலாம். மணி எப்போதாவது பின்னங்காலில் நின்றிருக்கிறதா? பார்த்து எழுது.

இப்படிக்கு,
உன் அன்பு நண்பன்,
இனியன்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். முதல் கடிதத்தில் மூன்று இடங்கள், இரண்டு நேரங்கள், ஓர் ஆண்டு. இரண்டாவதில் ஒரே பாறை, அதிலும் ஒரு மூலை. ஏறக்குறைய பாதிக் கடிதம் அந்த மூலைக்கே போய்விட்டது. பயண நேரமும் மதிய உணவும் காணாமல் போயின. கவினுக்கு அதனால் நட்டமில்லை. ‘மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது’ என்ற வரியும் இல்லை. நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினான் என்பதிலேயே அந்த மகிழ்ச்சி தெரிந்துவிடுகிறது. கால் நனைக்க விடாத வருத்தம் ஒரே வரிதான். ஆனால் பாடநூலில் கிடைக்காத அந்த வரி, எழுதியவன் உண்மையாகவே போய்வந்தான் என்பதற்குச் சாட்சி.

‘நலம், நலமறிய ஆவல்’ என்ற தொடக்கம் தவறன்று. பல தலைமுறையாக வழங்கிவரும் மரபு. அதை எழுதியே ஆகவேண்டும் என்று ஆசிரியர் சொன்னால் எழுதட்டும். ஆனால் அதற்கு அடுத்த வரி நண்பனுக்கென்றே எழுதியதாக இருக்க வேண்டும். மணியை வீட்டுக்குள் விடுகிறார்களா என்ற கேள்வியும் நலம் விசாரிப்பதுதான், கவினிடம் மட்டுமே கேட்கக்கூடிய விசாரிப்பு.

மொழியில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதல் கடிதத்தில் ‘நாம் மாமல்லபுரத்திற்குச் சென்றோம்’ என்று இருக்கிறது. அப்படியென்றால் கவினும் கூடப் போயிருக்கிறான் என்று பொருள். போனவனுக்கு எதற்குக் கடிதம்? கேட்பவரைச் சேர்த்துச் சொல்லும்போது ‘நாம்’, விட்டுச் சொல்லும்போது ‘நாங்கள்’. இலக்கண வகுப்பில் இதைப் படிக்கிற பிள்ளைகள், கடிதம் எழுதும்போது மறந்துவிடுகிறார்கள். இரண்டாம் கடிதத்தில் சுற்றுலாவுக்கு ‘எங்களை’ வந்திருக்கிறது; கவினும் ஒரு காலத்தில் படித்த பள்ளி என்பதால் ‘நம் பள்ளி’ வந்திருக்கிறது; விடுமுறையில் ‘நாம்’ சேர்ந்து போகலாம். யார் உள்ளே, யார் வெளியே என்பது ஒவ்வோர் இடத்திலும் தெளிவாக இருக்கிறது.

நண்பனிடம் பேசுவது என்றதும் சில பிள்ளைகள் ‘கூட்டிட்டுப் போனாங்க’ என்று அப்படியே பேச்சுத்தமிழில் எழுதிவிடுவார்கள். தேர்வில் அதை ஏற்கமாட்டார்கள். அதற்குப் பயந்து ‘அழைத்துச் செல்லப்பட்டோம்’ என்று எழுதினால் அரசு அறிக்கை போல் ஆகிவிடும். இடையில் ஒரு வழி இருக்கிறது. வினைமுற்றை முழுமையாக எழுதுவது, சொல்லை மட்டும் வீட்டுச் சொல்லாக வைத்துக்கொள்வது: ‘கூட்டிப்போனார்கள்’, ‘பார்த்தோம்’, ‘சாப்பிட்டோம்’. ‘கண்டோம்’, ‘உண்டோம்’ இரண்டும் பிழையில்லாத சொற்கள்தான். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை நண்பனிடம் பயன்படுத்துபவை அல்ல.

அலுவல் கடிதத்தை அண்மையில் படித்திருந்தால் அதன் சுவடு இங்கேயும் வந்து ஒட்டிக்கொள்ளும். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று தொடங்குவது, நடுவில் ‘தாங்கள்’ என்பது, ‘தங்கள் உண்மையுள்ள’ என்று முடிப்பது எல்லாம் அப்படி வந்தவை. நண்பனுக்கு எழுதும் கடிதத்தில் இவற்றுக்கு வேலையில்லை. ‘நீ’ என்று தொடங்கினால் கடைசிவரை ‘நீ’தான். பெறுநர் முகவரி உறைமேல் மட்டும் வரும்: பெயர், கதவு எண்ணும் தெருவும், ஊர், ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண். கோயம்புத்தூர் நகரத்துக் குறியீட்டு எண்கள் 641 என்று தொடங்கும். கடிதத்தின் தலைப்பில் காஞ்சிபுரம், உறைமேலும் காஞ்சிபுரம் என்று எழுதிவிடுவது அடிக்கடி நடப்பது. முதலாவது எழுதுபவரின் ஊர், இரண்டாவது பெறுபவரின் ஊர் என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும். தேர்வில் சொந்தப் பெயரையும் முகவரியையும் எழுதாமல், வினாத்தாளில் கொடுத்திருப்பதைத்தான் எழுத வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

இந்தக் கேள்வியில் ஒரு குறையும் இருக்கிறது. வகுப்பில் எல்லோரும் சுற்றுலாவுக்குப் போயிருப்பார்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. பணம் கட்ட முடியாமலோ, உடம்பு சரியில்லாமலோ, வீட்டில் விடாமலோ நின்றுவிட்ட பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அவர்களை ‘கற்பனை செய்து எழுது’ என்றால் பாடநூலைப் பார்த்து எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. முதல் கடிதம்போலப் பல கடிதங்கள் பிறப்பது அப்படித்தான். ஆசிரியர் கேள்வியைச் சற்று மாற்றினால் போதும். ஊர் ஏரிக்கோ அஞ்சலகத்துக்கோ வகுப்பையே ஒரு மணி நேரம் நடத்திக் கூட்டிப்போய், அதைப் பற்றி எழுதச் சொல்லலாம். அல்லது போகாதவர், போய்வந்த நண்பனுக்கு எழுதட்டும்: என்ன பார்த்தாய், எதைத் தவறவிட்டேன், எனக்கு என்ன கொண்டுவந்தாய் என்று. அதற்கும் அதே கோடுகள், அதே அமைப்புதான்.

திருத்தும் முறையிலும் ஒரு மாற்றம் செய்து பார்க்கலாம். எழுதிய தாள்களை ஆசிரியர் உடனே வாங்கிக்கொள்ளாமல், அடுத்த பெஞ்சுக்கு மாற்றிக்கொடுத்து, வந்த கடிதத்துக்கு ஐந்து வரியில் பதில் எழுதச் சொல்லலாம். முதல் வகைக் கடிதம் கிடைத்த பிள்ளை ‘உன் கடிதம் கிடைத்தது, மகிழ்ச்சி’ என்று எழுதிவிட்டு விழிப்பான். அவன் பிடித்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை. பூனைக் கடிதம் கிடைத்தவனுக்கு எலிகள் எத்தனை என்று கேட்கத் தோன்றும். எந்தக் கடிதத்தைத் திருப்பி எழுத வேண்டும் என்பது அந்த ஐந்து வரியிலேயே எழுதியவனுக்குத் தெரிந்துவிடும். சிவப்பு மையை ஆசிரியர் எழுத்துப்பிழைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.