72M என்றால் எத்தனை கோடி?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030. கர்நாடகம் 6,10,95,297. கேரளம் 3,34,06,061. புதுச்சேரி 12,47,953. இந்த நான்கையும் ஒரு சார்ட் மென்பொருளில் கொடுத்துப் பட்டை வரைபடம் கேட்டால், பெரும்பாலும் பக்கவாட்டு அச்சில் 20M, 40M, 60M, 80M என்று எழுதிக் கொடுக்கும். பட்டையின்மேல் சுட்டியை வைத்தால் எட்டிப் பார்க்கும் சிறு கட்டத்தை டூல்டிப் என்பார்கள். அதில் 72,147,030 என்று இருக்கும். கணக்கு சரிதான். ஆனால் ஏழு கோடியே இருபத்தொரு லட்சம் என்று சொல்லியே பழகியவர், ஒன்று, பத்து, நூறு என்று வலப்பக்கத்திலிருந்து எண்ணிப் பார்த்துத்தான் அதைப் படிக்க வேண்டும்.

இதைச் சரிசெய்வதில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. காற்புள்ளியை எங்கே போடுவது என்பது ஒன்று. லட்சம், கோடி என்று எந்த அலகில் சுருக்குவது என்பது இன்னொன்று. முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதும் முடிந்தது என்று நினைத்துக்கொள்வதால்தான், டூல்டிப்பில் 7,21,47,030 என்று அழகாக இருக்க, அச்சில் மட்டும் 80M நின்றுகொண்டிருக்கும் சார்ட்டுகளைப் பார்க்கிறோம்.

காற்புள்ளி எளிது. நம் முறையில் வலப்பக்கம் முதல் மூன்று இலக்கங்கள் ஒரு தொகுதி, அதன்பிறகு இரண்டிரண்டாக. விண்டோஸின் வட்டார அமைப்பில் இலக்கத் தொகுப்பை 12,34,56,789 என்று மாற்றினால் எக்செல் அதைப் பின்பற்றும். இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த அமைப்பு கணினிக்கு உரியது, கோப்புக்கு உரியது அல்ல. அதே கோப்பை அமெரிக்க அமைப்புள்ள கணினியில் திறந்தால் மறுபடியும் 72,147,030 வந்து நிற்கும். கோப்போடு சேர்ந்து பயணிக்க வேண்டுமானால், அச்சின் எண் வடிவத்தில் இதை எழுதிவிட வேண்டும்:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0
```

கோடிக்கு மேல் என்றால் முதல் பகுதி, லட்சத்துக்கு மேல் என்றால் இரண்டாவது, மற்றவற்றுக்கு மூன்றாவது. எக்செல் ஒரு வடிவத்தில் இரண்டு நிபந்தனைகளுக்கு மேல் அனுமதிப்பதில்லை. அதனால் நஷ்டம், பற்றாக்குறை போன்ற எதிர்மறை எண்கள் எந்த நிபந்தனைக்கும் பொருந்தாமல் மூன்றாவது பகுதியில் போய் விழுகின்றன. அமெரிக்க அமைப்பில் திறக்கும்போது அவை மட்டும் பழையபடி மூன்று மூன்றாகப் பிரிந்து தெரியும். லாப நஷ்டச் சார்ட்டில் பூஜ்ஜியக் கோட்டுக்கு மேலே ஒரு முறை, கீழே வேறு முறை என்று தெரிந்தால் காரணம் இதுதான்.

அலகுதான் வம்பு. எக்செல்லின் எண் வடிவத்தில் கடைசியில் ஒரு காற்புள்ளி சேர்த்தால் எண்ணை ஆயிரத்தால் வகுத்துக் காட்டும், இரண்டு சேர்த்தால் பத்து லட்சத்தால். ஆயிரம் ஆயிரமாகத்தான் அது இறங்கும். லட்சமும் கோடியும் அந்தப் படிகளுக்கு நடுவே விழுவதால் இந்த வழியில் அவற்றைப் பிடிக்க முடியாது. ஆனால் அச்சு அமைப்பில் Display units என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் Thousands, Millions ஆகியவற்றோடு 100000, 10000000 என்று பெயரில்லாமல் வெறும் எண்களாக நிற்பவை நம் லட்சமும் கோடியும்தான். 10000000 என்பதைத் தேர்ந்தெடுத்தால் அச்சில் 2, 4, 6, 8 என்று வரும். பக்கத்தில் முளைக்கும் குறிப்பை அழித்துவிட்டு ‘கோடியில்’ என்று எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு படியிலும் கோடி, கோடி என்று எழுதி இடத்தை அடைப்பதைவிட இதுவே நன்றாகவும் இருக்கிறது.

அச்சு முழுவதற்கும் ஒரே அலகு வேண்டும். 50 லட்சம், 1 கோடி, 1.5 கோடி என்று கலந்து எழுதினால், சம இடைவெளியில் இருக்கும் படிகள் கண்ணுக்குச் சமமாகத் தோன்றாது. எந்த அலகு என்பதை உச்ச எண்ணைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். தப்பாகத் தேர்ந்தால் உடனே தெரிந்துவிடும். சென்னை (46,46,732), கோவை (34,58,045), மதுரை (30,38,252) மாவட்டங்களின் சார்ட்டில் பத்து லட்சத்துக்கு ஒரு படி என்று வைத்துக்கொள்வோம். அதைக் கோடியில், தசம இலக்கம் இல்லாமல் காட்டினால் அச்சில் 0, 0, 0, 0, 0, 1 என்று வரும். ஒரே எண் இரண்டு படிகளில் வந்தால் அலகு பெரிதாகிவிட்டது, அல்லது ஒரு தசம இலக்கம் கூடுதலாகத் தேவை என்று அர்த்தம்.

டூல்டிப்புக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதில் ஒரு நேரத்தில் ஓர் எண்தான் தெரிகிறது. மாநிலங்களின் சார்ட்டில் அச்சு கோடியில் இருக்கும்போது புதுச்சேரியின் பட்டை கீழே ஒரு கீறல்போலத்தான் தெரியும். அதன்மேல் சுட்டியை வைத்தவருக்கு 0.1 கோடி என்று காட்டுவதில் என்ன பயன்? 12,47,953 என்று முழுதாகவோ, 12.48 லட்சம் என்றோ காட்ட வேண்டும். இணையச் சார்ட்டுகளில் அச்சுக்கும் டூல்டிப்புக்கும் தனித்தனியாக வடிவம் கொடுக்கும் வசதி பெரும்பாலும் இருக்கிறது. ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுவதும் அதனால்தான் நடக்கிறது.

இணையத்தில் மொழிக் குறியீடு கொடுத்தால் உலாவியே எண்ணை வடிவமைத்துத் தரும். `en-IN` என்று கொடுத்துச் சுருக்கச் சொன்னால் தமிழ்நாட்டுக்கு 7.2Cr, புதுச்சேரிக்கு 12L என்று வருகிறது. தமிழ்ப் பக்கம்தானே என்று `ta-IN` கொடுத்தால் முழு எண்ணில் காற்புள்ளி சரியாக விழும், ஆனால் சுருக்கச் சொன்னதும் 72மி, 1.2மி என்கிறது. ‘மி’ என்றால் மில்லியன். உலாவிகள் இந்தச் சொற்களை யூனிகோடு அமைப்பு பராமரிக்கும் சி.எல்.டி.ஆர். என்ற தொகுப்பிலிருந்து எடுக்கின்றன. அதில் இந்திக்கு லட்சமும் கோடியும் இருக்க, தமிழுக்கு ஆயிரத்துக்கு அடுத்து மில்லியன் என்று பதிந்திருக்கிறார்கள். எந்தத் தெருவில் கேட்டுவிட்டு வந்தார்களோ! அந்தப் பதிவு மாறும்வரை, தமிழ்ச் சார்ட் போடுபவர் காற்புள்ளியை மட்டும் உலாவியிடம் விட்டுவிட்டு, கோடியால் வகுத்துச் சொல்லைத் தானே சேர்த்துக்கொள்வதுதான் நல்லது.

கடைசியாக, மூலத்திலேயே அலகு ஒளிந்திருக்கும் கணக்குகள். 2025-26 மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவு மதிப்பீடு 50,65,345 கோடி ரூபாய். அரசு ஆவணங்களில் தலைப்பில் ‘கோடியில்’ என்று போட்டுவிட்டுக் கட்டங்களில் 5065345 போன்ற எண்களை மட்டும் தருவார்கள். மென்பொருளுக்குத் தலைப்பு புரியாது. அது 5.1M என்று எழுதிவிடும். மேலே ‘ரூபாய் கோடியில்’, அச்சில் M என்று இரண்டும் சேர்ந்தால் ஐந்து மில்லியன் கோடி என்று யாரும் சொல்லாத ஒரு தொகை கிடைக்கிறது. அவசரத்தில் பார்ப்பவர் M-ஐ விட்டுவிட்டு ஐந்து கோடி என்றும் படித்துவிடலாம். இங்கே லட்சத்தால் வகுத்தாலே போதும், 50.65 லட்சம் கோடி என்று செய்தியில் கேட்கும் தொகை வந்துவிடும். அதே தொகையைக் கோடி ஒளியாமல் முழு ரூபாயாக உலாவியிடம் கொடுத்தால் இரண்டிரண்டாகவே பிரித்துக்கொண்டு போய் 5,06,53,45,00,00,000 என்று காட்டும். இலக்கணப்படி அது சரி. ஆனால் லட்சம் கோடி எங்கே முடிகிறது என்று அதில் தேடிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே இந்த அளவுள்ள தொகைகளுக்கு டூல்டிப்பிலும் முழு எண் வேண்டாம், ‘50,65,345 கோடி’ என்றே இருக்கட்டும்.