பதினொரு சதவீதம் எங்கிருந்து வந்தது?

கோவையில் சிறிய விளம்பர நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். ஆள் எடுக்கும் மாதங்களில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் ரெஸ்யூமேக்கள் மேசையில் குவியும். அவற்றில் பாதிக்கு மேல் ஒரே வாக்கியம் இருக்கும்: "பல லட்ச ரூபாய் பட்ஜெட்டைக் கையாண்டேன், கன்வெர்ஷனை 300 சதவீதம் உயர்த்தினேன்." எதிலிருந்து எதற்கு உயர்ந்தது என்று இருக்காது. மாதம் 2 பேர் விசாரித்த இடத்தில் 8 பேர் விசாரித்தாலும் அது 300 சதவீத உயர்வுதான்.

போன வருடம் வந்த ஒரு பெண்ணின் ரெஸ்யூமே அப்படி இல்லை, அதில் எண்கள் இருந்தன. மூன்று கிளைகள் உள்ள ஒரு பல் மருத்துவமனைக்கு ஆறு மாதம் கூகுள் தேடல் விளம்பரம் நடத்தியிருந்தார். செலவு 6.37 லட்சம், கன்வெர்ஷன் ரேட் 11 சதவீதம் என்று எழுதியிருந்தார். அந்த இரண்டு எண்களையும் அவரோடு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம்.

முதலில் செலவு. மாதம் 90,000 ரூபாய் வீதம் ஆறு மாதத்துக்கு 5,40,000 வருகிறது. மீதி எங்கே என்றால், அது 18 சதவீத ஜிஎஸ்டி. மருத்துவமனை கட்டிய தொகையை அவர் எழுதிவிட்டார். கூகுள் கணக்கின் திரையில் தெரியும் செலவில் வரி சேராது. நேர்காணல் செய்பவர் அந்தத் திரையோடுதான் ஒப்பிடுவார், அதனால் வரி நீங்கலான தொகையை எழுதுவதே சரி. சிலர் நிறுவனம் வாங்கும் சேவைக் கட்டணத்தையும் பட்ஜெட்டில் கூட்டிவிடுகிறார்கள். அது விளம்பரத்துக்குப் போன பணமே அல்ல.

அடுத்து அந்த 11 சதவீதம். கன்வெர்ஷன் ரேட் என்பது எளிய வகுத்தல்தான். நூறு பேர் விளம்பரத்தைக் கிளிக் செய்தால், நாம் விரும்பிய காரியத்தை அவர்களில் எத்தனை பேர் செய்தார்கள் என்ற கணக்கு. கடைசி மாதம் 2,500 கிளிக், 275 கன்வெர்ஷன். வகுத்தால் 11 சரியாகவே வருகிறது. ஆனால் ஒரு பல் மருத்துவமனை விளம்பரத்தில் நூறில் பதினொரு பேர் விசாரிப்பது எனக்கு அதிகமாகப் பட்டது.

"எதையெல்லாம் கன்வெர்ஷனா வச்சிருந்தீங்கம்மா?" என்று கேட்டேன்.

"ஃபார்ம், போன் கால், அப்புறம் மேப்ல வழி பார்க்கிற பட்டன், சார். நான் சேர்றதுக்கு முன்னாடியே அப்படித்தான் வச்சிருந்தாங்க."

விடை கிடைத்துவிட்டது. 275-இல் 98 வெறும் வழி பார்க்கும் பட்டன் தொடுதல். அதைத் தொட்டவர் வந்தாரா, வராமல் போனாரா என்று யாருக்கும் தெரியாது. இன்னும் 57, ஒரே ஆள் திரும்பத் திரும்ப அனுப்பிய ஃபார்ம்கள். கூகுள் விளம்பரக் கணக்கில் ஒவ்வொரு கன்வெர்ஷனுக்கும் எண்ணும் முறை ஒன்று உண்டு. Every என்று வைத்தால், ஒரு கிளிக்குக்குப் பின் ஒருவர் மூன்று முறை ஃபார்ம் அனுப்பினால் மூன்றாக எண்ணும். One என்று வைத்தால் ஒன்றாக எண்ணும். பொருள் விற்கும் கடைக்கு முதல் முறை சரி, ஒவ்வொரு விற்பனையும் தனிப் பணம் அல்லவா? விசாரணைக்காக விளம்பரம் செய்யும் மருத்துவமனைக்கு இரண்டாவதுதான் சரி. இதைப் பின்னால் மாற்றினாலும் அன்றிலிருந்துதான் பொருந்தும், பழைய எண்கள் திருந்தாது. ஆகவே ஃபார்ம்கள் வந்து விழுந்த ஷீட்டை எடுத்து, ஒரே போன் நம்பர்களை நீக்கி எண்ணினோம். உண்மையில் விசாரித்தவர்கள் 120 பேர். ரேட் 4.8 சதவீதம்.

அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் முதல் மாதத்தையும் இதே அளவுகோலில் எண்ணியபோதுதான் அவருடைய வேலை தெரிந்தது. அப்போது 3,000 கிளிக், 60 பேர், அதாவது 2 சதவீதம். ஒரு விசாரணைக்கு 1,500 ரூபாய் ஆகியிருந்தது. ஆறாவது மாதம் அதே 90,000 ரூபாயில் ஒரு விசாரணை 750 ரூபாய். கிளிக் குறைந்திருக்கிறது, ஒரு கிளிக்கின் விலை 30-இலிருந்து 36 ஆகியிருக்கிறது, ஆனால் விசாரணை இரட்டிப்பு.

எப்படி என்று கேட்டதும் தடையில்லாமல் சொன்னார். மக்கள் தட்டச்சு செய்த சொற்களைக் காட்டும் Search terms அறிக்கையை வாரம் ஒருமுறை படித்திருக்கிறார். "இலவச பல் சிகிச்சை", "டென்டல் காலேஜ் ஃபீஸ்", "பல் மருத்துவமனை வேலை" என்று தேடியவர்களும் விளம்பரத்தைக் கிளிக் செய்திருந்தார்கள். அந்தச் சொற்களை நெகட்டிவ் கீவேர்டாகப் போட்டுத் தடுத்தார். மலிவான கிளிக்குகள் போனதால் சராசரி விலை ஏறியது. பிறகு, முகப்புப் பக்கத்துக்குப் போன விளம்பரத்தை, கட்டணமும் அழைப்புப் பட்டனும் உள்ள தனிப் பக்கத்துக்குத் திருப்பினார். இந்த இரண்டு வேலைகளும் ரெஸ்யூமேயில் ஒரு வரிகூட இல்லை!

இன்னொரு எண்ணும் விட்டுப்போயிருந்தது. விசாரித்த 120 பேரில் எத்தனை பேர் மருத்துவமனைக்கு வந்தார்கள்? வரவேற்பறைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார்: 42 பேர். அப்படியானால் வாசலுக்கு வந்த ஒரு நோயாளிக்கான செலவு ஏறத்தாழ 2,140 ரூபாய். விளம்பரக் கணக்கில் இந்த எண் தானாக வராது, கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும். என் பார்வையில் அந்த ரெஸ்யூமேயிலேயே மதிப்புள்ள எண் இதுதான்.

திருத்திய பின் அந்தப் பகுதி இப்படி அமைந்தது: "மூன்று கிளை பல் மருத்துவமனை, கூகுள் தேடல் விளம்பரம், ஆறு மாதம், மாதம் 90,000 ரூபாய் (வரி நீங்கலாக), கணக்கைத் தனியாகக் கையாண்டேன். தேடல் சொற்களை வடிகட்டி, தனி லேண்டிங் பேஜ் அமைத்ததில், மறுமுறை அனுப்பியவை நீங்கலான விசாரணை 2 சதவீதத்திலிருந்து 4.8 சதவீதமானது. ஒரு விசாரணையின் செலவு 1,500-இலிருந்து 750 ரூபாயானது. கடைசி மாதம் 42 பேர் நேரில் வந்தனர்." மருத்துவமனையின் பெயர் வேண்டியதில்லை. வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் கணக்கின் திரைப்படத்தை அனுப்பவும் கூடாது. 'தனியாக' என்ற சொல் முக்கியம். குழுவில் ஒருவராக இருந்தால் அதை அப்படியே எழுத வேண்டும், இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

கூகுளோடு ஃபேஸ்புக்கிலும் விளம்பரம் ஓடியிருந்தால் இன்னொரு கவனம் தேவை. ஒருவர் இரண்டையும் கிளிக் செய்துவிட்டு வாங்கினால், இரண்டு தளங்களும் அந்த விற்பனையைத் தன்னுடையதாகக் காட்டும். இரண்டையும் கூட்டி எழுதினால் கடை விற்றதைவிட அதிகமாக விற்றதாக வரும். கடையின் பில் எண்ணிக்கையைக் கொண்டு சரிபார்க்க வேண்டும்.

சான்றிதழ்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கூகுள் விளம்பரச் சான்றிதழ்கள் ஸ்கில்ஷாப் தளத்தில் இலவசம், ஓர் ஆண்டுதான் செல்லும். "கூகுள் சர்டிஃபைடு" என்று பொதுவாக எழுதாமல், தேடலா, வீடியோவா, அளவீடா என்று பெயரையும், முடியும் மாதத்தையும், சரிபார்க்கும் இணைப்பையும் கொடுங்கள். காலாவதியானதை எடுத்துவிடுங்கள். 2018-இலேயே பெயர் மாறிவிட்ட ஆட்வேர்ட்ஸ் இன்னும் சில ரெஸ்யூமேக்களில் இருக்கிறது. 2023 ஜூலையில் நின்றுபோன யுனிவர்சல் அனலிட்டிக்ஸும் அப்படியே. வேலைக்குத் தேவையான இரண்டு மூன்று போதும். அந்தப் பெண்ணிடம் செல்லுபடியாகும் சான்றிதழ் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வேலைக்கு எடுத்துக்கொண்டேன்.

இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதக் கடைசியில் செலவு, கிளிக், விசாரணை, நேரில் வந்தவர்கள் என நான்கு எண்களையும், அந்த மாதம் என்ன மாற்றினீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். வாடிக்கையாளர்களின் பெயரோ போன் நம்பரோ வேண்டாம், எண்கள் போதும். வேலையை விட்டபின் அந்த விளம்பரக் கணக்கு உங்களுக்குத் திறக்காது.