மாடியேற மறுக்கும் எண்ணெய்

பன்னிரண்டு மாடி அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொட்டை மாடியில் 10 எச்.பி. வி.ஆர்.எஃப். அவுட்டோர் யூனிட். அது குளிரூட்டும் அறைகள் 40 மீட்டர் கீழே இருக்கின்றன. வரைபடத்தில் கேஸ் குழாய்க்கு 22.2 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. தூரம் அதிகமாயிற்றே, பெரிதாகப் போட்டால் நல்லதுதானே என்று 28.6 குழாயை ஏற்றிவிடுகிறார் ஒப்பந்ததாரர். சிக்கல் அங்கே தொடங்குகிறது.

கம்ப்ரசருக்குள் உராய்வைத் தடுக்கும் எண்ணெயில் கொஞ்சம் எப்போதும் குளிர்பொருளோடு சேர்ந்து வெளியேறும். கீழே இறங்கும்போது கவலையில்லை. திரவத்தில் கரைந்தே போய்விடும். அறை யூனிட்டில் திரவம் ஆவியானதும் எண்ணெய் தனியாகப் பிரிந்து, திரும்பிப் போகும் கேஸ் குழாயின் உட்சுவரில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கிறது. அதை 40 மீட்டர் மேலே ஏற்றத் தனி பம்ப் எதுவும் கிடையாது. உள்ளே பாயும் வாயுதான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு நொடிக்கு 5 மீட்டர் வேகமாவது வேண்டும் என்பது துறையில் வழங்கும் தோராயக் கணக்கு.

ஆர்-410ஏ வாயுவில், முழுச் சுமையில் ஓடும்போது 22.2 குழாயில் வேகம் சுமார் 15 மீட்டர், 28.6 குழாயில் எட்டரை. இரண்டுமே போதும். ஆனால் வி.ஆர்.எஃப். முழு வேகத்தில் ஓடும் நேரம் குறைவு. சனிக்கிழமை பாதி இருக்கைகள் காலியாக இருக்க, சுமை 40 சதவீதத்துக்கு இறங்கினால் சிறிய குழாயில் 6 மீட்டர் மிஞ்சும். பெரியதில் மூன்றரைதான். எண்ணெய் பாதி வழியில் நின்று, கீழே வழிந்து தேங்கும்.

அதற்காகக் குழாயைக் குறுக்கிக்கொண்டே போகவும் முடியாது. நீளம் கூடக்கூட உராய்வில் அழுத்தம் விழும், குளிர்ச்சி குறையும். அதனால்தான் வளைவுகளையும் சேர்த்துக் கணக்கிட்ட நீளம் 90 மீட்டரை எட்டினால், பிரதான கேஸ் குழாயை ஒரே ஒரு அளவு மட்டும், அதாவது 25.4-க்கு உயர்த்தச் சொல்கின்றன சில நிறுவனங்களின் கையேடுகள். அந்த ஒரு படியிலேயே அழுத்த இழப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். நம் கட்டடத்தில் நீளம் 60 மீட்டர்தான். அந்தப் படியும் தேவையில்லை.

தேங்கும் எண்ணெயை மீட்க இயந்திரத்திலேயே ஏற்பாடு உண்டு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரசர் வேகமெடுக்கும். அறை யூனிட்களின் வால்வுகள் திறந்து, திரவம் குழாயைக் கழுவிக்கொண்டு மேலே பாயும். அறையில் சில நிமிடம் 'உஸ்' என்று கேட்பது அதுதான். குழாய் அளவு தப்பாயிருந்தால் இந்தக் கழுவலும் முழுதாகப் பலிக்காது.

கம்ப்ரசரின் இரைச்சல் மாறுவது, அதன் வெளியேற்ற வெப்பம் ஏறுவது, மாற்றிய கம்ப்ரசரும் சீக்கிரமே பழுதாவது ஆகியவை அடையாளங்கள். உடனே எண்ணெய் ஊற்றுவது சிலர் வழக்கம். அது வேண்டாத வேலை. தேங்கியது ஒருநாள் மொத்தமாகத் திரும்பினால், கம்ப்ரசரே அந்தத் திரவத்தை அமுக்கப் பார்த்து உடையும்.

சந்தேகம் இருந்தால் குளிர்பொருளை மீட்டெடுத்த பிறகு ரைசரின் அடிவளைவை வெட்டிப் பார்க்கலாம். எண்ணெய் கொட்டினால் குழாயைத்தான் மாற்ற வேண்டும்: நைட்ரஜனை ஓடவிட்டுப் பற்றவைத்து, அழுத்தச் சோதனையும் வெற்றிடமும் முடித்து, குளிர்பொருளை எடைபோட்டு நிரப்ப வேண்டும்.