பணி வாய்ப்பை ஏற்கும் மின்னஞ்சல்: சம்பளம், தேதி, அடுத்த படி ஆகிய மூன்றையும் ஏன் எழுத வேண்டும்?

நிறுவனத்திடமிருந்து பணி வாய்ப்புக் கடிதம் வந்ததும் பலர் ‘நன்றி, ஏற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரு வரியில் பதில் அனுப்பிவிட்டு, அன்றே பழைய வேலையிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்துவிடுகின்றனர். பின்னர் சம்பளத்திலோ பணியில் சேரும் தேதியிலோ கருத்து வேறுபாடு எழுந்தால், எதை ஏற்றுக்கொண்டோம் என்று காட்ட அந்த ஒரு வரி உதவுவதில்லை.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, ஒரு முன்மொழிவை ஏற்பது முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ‘ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் இரண்டு வாரம் கழித்தே சேர முடியும்’ என்று எழுதினால் அது ஏற்பு ஆகாது. புதியதொரு முன்மொழிவாகவே கருதப்படும். அதற்கு உடன்பட வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. எனவே மாற்றம் தேவைப்பட்டால் அதை முதலில் தனியாகக் கேட்டு, எழுத்துபூர்வமாகப் பதில் பெற்ற பிறகே ஏற்பு மின்னஞ்சலை அனுப்ப வேண்டும்.

எடுத்துக்காட்டாக, புணேயில் பணிபுரியும் ஒரு கணக்காளருக்கு பெங்களூரு நிறுவனம் ஒன்று மே 12-இல் கடிதம் அனுப்புகிறது என்று கொள்வோம். அதில் ஆண்டுக்கான மொத்த ஊதியச் செலவு (சிடிசி) ரூ.7,20,000, சேரும் தேதி ஜூலை 1. ஆனால், அவருடைய தற்போதைய நிறுவனத்தில் விலகலுக்கான அறிவிப்புக் காலம் 60 நாள்கள். மே 15-இல் விலகல் கடிதம் கொடுத்தாலும் ஜூலை நடுப்பகுதி வரை அவர் அங்கே பணியாற்ற வேண்டும். ஆகவே, ஜூலை 1 என்ற தேதியை அவர் அப்படியே ஏற்றால், தன்னால் காப்பாற்ற இயலாத வாக்கைக் கொடுத்தவராகிறார். அவர் மே 13-இல் தேதியை ஜூலை 16-ஆக மாற்றக் கேட்கிறார். நிறுவனம் மறுநாள் மின்னஞ்சலில் சம்மதிக்கிறது.

அடுத்தது சம்பளம். ரூ.7,20,000-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் ரூ.60,000 வரும். அது கையில் கிடைக்கும் தொகை அல்ல. அந்தக் கடிதத்தின் இணைப்பின்படி, அதில் ரூ.60,000 ஆண்டு முடிவில் பணித்திறனைப் பொறுத்து வழங்கப்படும் மாறுபடும் ஊதியம். வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் செலுத்தும் பங்கு மாதம் ரூ.1,800, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு ரூ.1,443. இவற்றை நீக்கி, வைப்பு நிதியில் ஊழியரின் பங்கான ரூ.1,800-ஐயும் கழித்தால், தொழில் வரி பிடிப்பதற்கு முன்பே மாதத் தொகை ரூ.50,000-க்குச் சற்றுக் குறைந்துவிடுகிறது. எனவே ஏற்பு மின்னஞ்சலில் மொத்தத் தொகையோடு நிலையான ஊதியத்தையும் மாறுபடும் ஊதியத்தையும் தனித்தனியே குறிப்பிடுவது அவசியம்.

மே 14 மாலையில் அவர் அனுப்பும் ஏற்பு மின்னஞ்சல் இவ்வளவுதான்:

“வணக்கம். மே 12 தேதியிட்ட தங்கள் கடிதத்தின்படி, முதுநிலைக் கணக்காளர் பணியை ஏற்றுக்கொள்கிறேன். ஆண்டு மொத்த ஊதியச் செலவு ரூ.7,20,000, இதில் மாறுபடும் ஊதியம் ரூ.60,000, எஞ்சிய ரூ.6,60,000 நிலையானது. இன்றைய தங்கள் மின்னஞ்சலில் சம்மதித்தபடி ஜூலை 16 அன்று பெங்களூரு அலுவலகத்தில் சேர்கிறேன். கையொப்பமிட்ட கடிதத்தை இணைத்துள்ளேன். பின்னணிச் சரிபார்ப்புக்கான ஆவணங்களை மே 18-க்குள் அனுப்புகிறேன். இந்த விவரங்கள் சரி என்று உறுதிசெய்யக் கோருகிறேன்.”

இதை ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இதுவேதான். கடிதம் வந்த அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்பினால், முன்மொழிவும் தேதி மாற்றமும் ஏற்பும் ஒரே தொடரில் இருக்கும். தொலைபேசியில் சொன்ன வாக்குறுதி ஏதேனும் இருந்தால், அதையும் ஏற்புக்கு முன்பே இதே தொடரில் எழுதிக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். மின்னணு முறையில் செய்யப்பட்டது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10-ஏ பிரிவு கூறுகிறது.

எனினும், இந்த மின்னஞ்சலுக்கு ஓர் எல்லை உண்டு. பின்னணிச் சரிபார்ப்பு முடிந்த பிறகே நியமனம் உறுதியாகும் என்று கடிதத்தில் நிபந்தனை இருந்தால், ஏற்பு அனுப்பிய பிறகும் அந்த நிபந்தனை நீடிக்கும். சரிபார்ப்பு எப்போது முடியும் என்று கேட்டறிவது அதனால் முக்கியமாகிறது. மேற்கண்ட கணக்காளர் விவரங்கள் சரி என்ற பதில் மே 15 காலையில் வந்த பின்னரே பழைய நிறுவனத்தில் விலகல் கடிதத்தைக் கொடுக்கிறார். அந்தப் பதில் வர நான்கு நாள் தாமதமானால், அவரது 60 நாள் கணக்கும் நான்கு நாள் தள்ளிப்போகும். அப்போது ஜூலை 16 என்ற தேதியை அவர் மீண்டும் பேசியாக வேண்டும்.