திறப்பு விழா எத்தனை மணிக்கு, கடை எத்தனை மணி வரை?

தெருவில் புதிதாகத் தையல் கடை திறப்பவர்கள் அழைப்புப் படத்தை அழகாகச் செய்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் அதற்குக் கீழே எழுதும் நாலு வரியில்தான் கோட்டை விடுகிறார்கள். ‘வருகிற புதன்கிழமை காலை 9.15 முதல் 10.15 வரை திறப்பு விழா, அனைவரும் வருக’ என்று எழுதினால் இரண்டு சிக்கல். அந்தச் செய்தி நாலு குழுக்களைச் சுற்றி அடுத்த வாரம் ஒருவர் கைக்குப் போகும்போது, அது எந்தப் புதன் என்று அவருக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய சிக்கல் நேரம். 9.15 முதல் 10.15 என்பது குத்துவிளக்கு ஏற்றும் நல்ல நேரம். படிப்பவரோ, பத்தேகாலுக்கு மேல் போனால் கடை இருக்காது என்று நினைத்துக்கொள்வார். வேலைக்குப் போகும் பெண்கள் பிளவுஸ் கொடுக்க வருவது மாலையில்தான்.

மதுரை திருநகரில் ஒரு கடை திறப்பதாகக் கற்பனை செய்து எழுதிப் பார்ப்போம்:

திருநகரில் புதிய லேடீஸ் டெய்லர் கடை: தென்றல் தையலகம்
திறப்பு விழா: 19.08.2026, புதன், காலை 9.15 – 10.15
அன்று முதல் துணி வாங்கப்படும்: காலை 10.30 – இரவு 8.30 (ஞாயிறு விடுமுறை)
14, பிள்ளையார் கோயில் தெரு, முதல் மாடி. 2வது பஸ் ஸ்டாப்பில் இறங்கி, மெடிக்கல் கடையை ஒட்டிய சந்து
பிளவுஸ், சுடிதார், ஃபால்ஸ், ஆல்டரேஷன். அளவு ஜாக்கெட் கொண்டு வரவும்

இன்ஸ்டாகிராமில் நீளமான குறிப்பின் தொடக்கம் மட்டும்தான் முதலில் தெரியும். மீதியைத் தொட்டுத்தான் திறக்க வேண்டும். அதனால் ஊரும் கடையும் முதல் வரி. ‘இறையருளால்’ பிறகு வரலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. ‘முதல் மாடி’ என்பதை விட்டுவிட்டால், வந்தவர் தரைத்தளத்தில் தேடிவிட்டுத் திரும்பிவிடுவார். அடையாளமாகச் சொல்லும் கடை நாளைக்கே மாறலாம் என்பதால் கதவு எண்ணும் வேண்டும். படத்துக்குள் போன் எண் இருந்தாலும், வாட்ஸ்அப்பில் தொட்டவுடன் அழைக்க வசதியாகக் கீழேயும் ஒருமுறை தட்டச்சு செய்துவிடுங்கள்.

சலுகையில் மட்டும் கை நிதானம் தேவை. ‘திறப்பு விழா நாளில் தையல் கூலி பாதி’ என்று போட்டால் ஒரே நாளில் துணி குவிந்துவிடும். லைனிங் வைத்த பிளவுஸ் ஒரு நாளைக்கு நாலு தைக்கும் இடத்தில் அறுபது சேர்ந்தால், கடைசித் துணி வெளியே போகப் பதினைந்து வேலை நாள் ஆகும். அதற்குள் தெருவில் கடையின் பெயர் ‘சொன்ன தேதிக்குத் தராதவர்’ என்று ஆகிவிடும். ‘முதல் 20 பேருக்கு ஃபால்ஸ் இலவசம்’ என்றால் தையற்காரருக்கும் தாங்கும். புடவையோடு பிளவுஸ் துணியும் சேர்ந்தே கடைக்கு வரும்.